மாரியில் முன்முடியைப் படிய வைத்தல்: சீரமும் கெரட்டினும் முதன்முறை பயன்படுத்துவோருக்கு

கடந்த கார்த்திகையில் என் தங்கையின் திருமணத்துக்கு மூன்று நாட்கள் இருக்கையில், யாழ்ப்பாண நகரத்தில் உள்ள ஓர் அழகுக்கலை நிலையத்தில் 22,000 ரூபா செலுத்தி என் தலைமுடி முழுவதற்கும் கெரட்டின், அதாவது வளைவைத் தளர்த்தி முடியைப் படிய வைக்கும் சிகிச்சை, செய்துகொண்டேன். வீட்டுக்கு ஸ்கூட்டியில் திரும்பும் வழியில் மழை பிடித்துக்கொண்டது. தலைக்கவசத்தின் கீழ் நெற்றியோரம் நனைந்து மடிந்து, அந்த மடிப்பு அப்படியே நிலைத்துவிட்டது. திருமண நாளன்று பின்பக்க முடி பட்டுப்போல் இருக்க, முகத்தைச் சுற்றியுள்ள முடி மட்டும் ஒரு பக்கம் நெற்றியில் ஒட்டியும் மறுபக்கம் கோணியும் நின்றது. தை மாதம் வந்தபோது அந்த முன்முடியே ஒன்றரை அங்குல நீளத்தில் முறிந்து முள்ளாக எழும்பத் தொடங்கியது. அதன் பிறகுதான், முகத்தைச் சுற்றியுள்ள முடி தலையின் ஏனைய முடியைப் போன்றதன்று, அதற்குச் சூடும் மருந்தும் குறைவாகவே வேண்டும் என்பதை ஒவ்வொன்றாகக் கேட்டும் செய்து பார்த்தும் அறிந்துகொண்டேன். இந்த ஆண்டு மாரி தொடங்கும் முன் நீங்கள் அதே வழியில் பணத்தையும் முடியையும் இழக்காதிருக்க, நான் இப்போது பின்பற்றும் ஒழுங்கை இங்கே எழுதுகிறேன்.

1. முதலில் உங்கள் முன்முடி ஏன் எழும்புகிறது என்று பாருங்கள்

இதற்குச் செலவு ஏதுமில்லை, ஆனால் அடுத்து வரும் எல்லாச் செலவும் இதில்தான் தங்கியிருக்கிறது. பகல் வெளிச்சத்தில், ஒரு கறுத்த அல்லது வெள்ளைத் துணியைப் பின்னால் பிடித்துக்கொண்டு, நெற்றியோரத்தில் எழும்பி நிற்கும் முடிகளின் நுனியைக் கவனியுங்கள்.

நுனி மெலிந்து கூராக முடிந்தால் அது புதிதாக வளரும் முடி. குழந்தை பெற்ற சில மாதங்களின் பின்னரும், கடுமையான காய்ச்சலின் பின்னரும் இப்படி ஒரு வரிசை முளைப்பது வழமை. அதை வளரவிட்டுச் சீரத்தால் படிய வைத்தால் போதும். நுனி வெட்டியது போல் மொட்டையாகவோ, இரண்டாகப் பிளந்தோ இருந்தால் அது முறிந்த முடி. இறுக்கி வாரிக் கட்டுவதாலும், முன்னர் செய்த ரீபொண்டிங் என்னும் நிரந்தர நேராக்கலாலும் சாயத்தாலும் இப்படி நேரும். முறிந்த முடிக்குக் கெரட்டின் செய்யும் சூடு இன்னொரு அடியாகவே விழும். அதை வெட்டிச் சீராக்கி மூன்று நான்கு மாதம் பொறுப்பதே நல்லது. நுனி நன்றாக இருந்தும், தோய்ந்து உலர்ந்த உடன் படிந்திருந்து, வெளியே போய் ஒரு மணித்தியாலத்தில் மட்டும் எழும்புகிறது என்றால், அதுவே ஈரக்காற்றால் வரும் எழும்பல். சீரமும் கெரட்டினும் உண்மையில் உதவுவது இந்த மூன்றாவது வகைக்கே.

இதன் காரணத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் பின்னால் வரும் அறிவுரைகள் எல்லாம் இதிலிருந்தே வருகின்றன. முடியின் புரதத்துக்குள் ஐதரசன் பிணைப்புகள் என்னும் மெல்லிய கட்டுகள் உள்ளன. நீர் பட்டால் அவை அவிழும், உலரும்போது மீண்டும் பூண்டுகொள்ளும். உலரும் நேரத்தில் முடி எந்த வடிவில் கிடந்ததோ அந்த வடிவமே தங்கும். மாரியில் காற்றிலுள்ள ஈரத்தை முடி உறிஞ்சும்போது இந்தக் கட்டுகள் தாமாகவே அவிழ்ந்து, ஒவ்வொரு முடியும் தன் இயல்பான வளைவுக்குத் திரும்புகிறது. முன்முடி மெல்லியது, குட்டையானது, வியர்வையும் முகங்கழுவும் நீரும் அதிகம் படுவது. ஆகவே அது எல்லாவற்றுக்கும் முன்னதாக எழும்புகிறது.

2. கிணற்றுத் தண்ணீரைக் கணக்கில் எடுங்கள்

குடாநாட்டின் அடியில் இருப்பது சுண்ணாம்புக் கல். அதன் வழியே ஊறி வரும் கிணற்று நீரில் கல்சியம் மிகுந்திருக்கும். உங்கள் வீட்டுக் கேத்திலின் அடியில் வெள்ளைப் படிவு கட்டியிருந்தால், அதே படிவு உங்கள் முடியிலும் மெல்லிய பூச்சாகப் படிந்துகொண்டிருக்கிறது என்று கொள்ளுங்கள். அந்தப் பூச்சு முடியைச் சொரசொரப்பாக்குகிறது, சீரம் சீராகப் பரவ விடுவதில்லை. கெரட்டின் மருந்தும் அதன்மேல் சரியாகப் பிடிப்பதில்லை. விலை உயர்ந்த சீரத்தை வாங்கியும் பயனில்லை என்று சொல்பவர்கள் பலர் இந்தப் படியைத் தாண்டிப் போனவர்களே. நானும் அவர்களில் ஒருத்தியாக இருந்தேன்.

செய்ய வேண்டியது இரண்டு. முதலாவது, உலோகப் படிவை நீக்கும் ஷாம்பு ஒன்றை இரண்டு கிழமைக்கு ஒருமுறை மட்டும் பயன்படுத்துங்கள். அதன் பின்புற அட்டையில் டைசோடியம் ஈ.டி.டி.ஏ. அல்லது டெட்ராசோடியம் ஈ.டி.டி.ஏ. என்ற பெயர் இருக்கும். சாதாரண ஷாம்புகளிலும் அது கடைசியில் சிறிதளவு இருப்பதுண்டு. ஆகவே முன்பக்கத்தில் படிவு நீக்கி என்றோ கடின நீருக்கானது என்றோ குறிப்பிட்டிருப்பதையே தேர்ந்தெடுங்கள். நான் வாங்கியது 3,200 ரூபா. இரண்டு கிழமைக்கு ஒருமுறை என்பதால் ஒரு போத்தல் ஏறக்குறைய ஓராண்டுக்குப் போகிறது. இரண்டாவது, கடைசியாக ஊற்றும் ஒரு செம்புத் தண்ணீரை மாற்றுங்கள். மாரியில் கூரையிலிருந்து முதல் மழை கழுவிப் போன பின் பிடித்து வைத்த மழைநீர் இதற்கு மிகப் பொருத்தமானது. அது இல்லாவிடில் கிணற்று நீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேலாக ஊற்றி எடுங்கள். கொதிக்கும்போது கல்சியத்தில் ஒரு பகுதி படிந்துவிடும். உவர்ப்பு, அதாவது நாங்கள் சவர் என்று சொல்வது, கொதிக்கவைப்பதால் போகாது. சவர்த் தண்ணீர் உள்ள பகுதியில் இருப்போர் மழைநீரையோ குழாய் நீரையோ நாட வேண்டும்.

தேசிக்காய்ச் சாற்றை நேரடியாக முடியில் பூசும் வழக்கம் எங்களிடம் உண்டு. அதை அப்படியே பூசினால் முடி வறண்டு போகும். ஒரு லீற்றர் நீரில் ஒரு மேசைக்கரண்டி சாறு கலந்து ஊற்றி, அதன் பின் நல்ல நீரால் அலசினால் போதும்.

3. சீரத்தை வாங்குமுன் பின்புற அட்டையை வாசியுங்கள்

சீரம் என்ற பெயரில் விற்கப்படும் எல்லாமே மாரிக்கு ஏற்றவை அல்ல. ஈரத்தை வெளியே நிறுத்துவது சிலிக்கோன் வகைகள். அட்டையில் டைமெத்திகோன், டைமெத்திகோனோல், சைக்ளோபென்டாசிலோக்சேன், அமோடைமெத்திகோன் என்று எழுதப்பட்டிருக்கும். இவற்றில் ஒன்றோ இரண்டோ பட்டியலின் முதல் மூன்று பெயர்களுக்குள் இருக்க வேண்டும்.

தவிர்க்க வேண்டியது கிளிசரின். அது காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துத் தன்னிடம் வைத்துக்கொள்ளும் பொருள். சோளகக் காற்று வீசும் வறண்ட மாதங்களில் அது தீங்கு செய்வதில்லை. வாடைக் காற்றோடு மழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களில் அதே பொருள் ஈரத்தை முடிக்குள் கொண்டுவந்து, நீங்கள் படிய வைத்ததை எழுப்பிவிடும். ஒரே சீரம் ஆவணியில் நன்றாக வேலை செய்து கார்த்திகையில் ஏமாற்றுவதற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். பட்டியலின் முதல் ஐந்து பெயர்களுக்குள் கிளிசரின் இருந்தால் மாரிக்கு அதை வாங்காதீர்கள்.

நான் பயன்படுத்தும் 100 மில்லிலீற்றர் போத்தலின் விலை 2,800 ரூபா. அது ஐந்து மாதங்களுக்குக் குறையாமல் வருகிறது. ஒரு போத்தல் ஒரு மாதத்தில் முடிகிறது என்றால் நீங்கள் அளவுக்கு மீறிப் பூசுகிறீர்கள். சில கடைகள் இறக்குமதியாளரின் பெயரோ காலாவதித் திகதியோ இல்லாத போத்தல்களைக் குறைந்த விலைக்குத் தருகின்றன. அவற்றை வாங்க வேண்டாம். அட்டையில் இறக்குமதியாளர், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, ஆகக்கூடிய சில்லறை விலை ஆகிய நான்கும் இருப்பதைப் பார்த்து, பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள்.

4. முன்முடியை முதலில் உலர்த்துங்கள்

பெரும்பாலானோர் பின்பக்கத்தை உலர்த்திவிட்டுக் கடைசியில் முன்னுக்கு வருகிறார்கள். அதற்குள் மெல்லிய முன்முடி தானாகவே உலர்ந்து, எழும்பிய வடிவிலேயே பூண்டுவிடுகிறது. பின்னர் எவ்வளவு சீரம் பூசினாலும் அது படியாது. ஆகவே ஒழுங்கை மாற்றுங்கள்.

தோய்ந்தபின் தலையைத் துவாயால் தேய்க்காமல் அழுத்தி ஒற்றுங்கள். துவாயை விடப் பழைய பருத்திச் சட்டை நல்லது. தண்ணீர் சொட்டுவது நின்று, முடி இன்னும் ஈரமாக இருக்கும் நிலையில், தோள்வரை உள்ள முடிக்கு மூன்று துளி சீரத்தை உள்ளங்கையில் விட்டு இரு கைகளையும் நன்றாகத் தேயுங்கள். முதலில் பின்பக்க முடியின் நுனிகளில் பூசுங்கள், பிறகு நடுப்பகுதியில். கைகளில் எஞ்சியிருக்கும் மினுக்கம் மட்டுமே முன்முடிக்குப் போதும். முன்முடிக்கென்று புதிதாக ஒரு துளி எடுக்காதீர்கள். எடுத்தால் மதியத்துக்குள் அது கற்றை கற்றையாகப் பிரிந்து நெற்றியில் ஒட்டும், சிலருக்கு நெற்றியோரத்தில் பருக்களும் வரும்.

பூசிய உடனே உச்சியைப் பிரித்து, முகத்தின் இருபுறமும் உள்ள முடியை உலர்த்தியால் உலர்த்துங்கள். குளித்த அறையின் ஆவிக்குள் நின்று இதைச் செய்யாமல் வேறோர் அறைக்கு வாருங்கள். உலர்த்தியின் வாயில் ஒடுங்கிய மூக்கைப் பொருத்தி, காற்று வேரிலிருந்து நுனி நோக்கி மேலிருந்து கீழாக வரும்படி பிடியுங்கள். நடுத்தரச் சூடு போதும். நெற்றியில் சுழி உள்ளவர்கள் அந்த இடத்து முடியை ஒருமுறை இடப்பக்கமும் ஒருமுறை வலப்பக்கமுமாகச் சீப்பால் மாற்றி மாற்றி வாரி உலர்த்த வேண்டும். அப்போது வேர் ஒரு பக்கமாகவே பிடித்துக்கொள்ளாது. முடி முழுதும் உலர்ந்தபின் குளிர்காற்றுக்கு மாற்றி, தொட்டால் சூடு தெரியாத வரையில் அரை நிமிடம் பிடியுங்கள். சூடாக இருக்கும்போதே கையால் கோதினால் வடிவம் கலைந்துவிடும். இரு பக்கத்துக்கும் சேர்த்து ஆறு ஏழு நிமிடங்கள் ஆகும். அதன் பிறகு மீதித் தலையை விரும்பினால் காற்றிலேயே உலரவிடலாம்.

அலுவலகத்துக்குப் போய்ச் சேர்ந்த பின் எழும்பும் சிறுமுடிகளுக்கு, பழைய மென்மையான பற்தூரிகை ஒன்றில் சீரம் தொட்ட விரலைத் தேய்த்து, அத்தூரிகையால் நெற்றியோரத்தைப் படிய வாரினால் போதும். வியர்வையைக் கைக்குட்டையால் துடைக்காமல் ஒற்றி எடுங்கள்.

இந்த நான்கு படிகளையும் ஒரு மாதம் ஒழுங்காகச் செய்து பாருங்கள். எனக்குத் தெரிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இதற்கு மேல் போகத் தேவையிருக்கவில்லை.

ஒரு சிக்கல் மட்டும் உண்டு. சிலிக்கோன் நாளடைவில் முடியில் தங்கும். தோயும்போது முடி எளிதில் நனையாமல், மெழுகு தடவியது போல் வழுக்கினால் அது தங்கிவிட்டது என்று பொருள். மேலே சொன்ன படிவு நீக்கும் ஷாம்பு இதையும் எடுத்துவிடும்.

5. கெரட்டின் செய்வதானால் மருந்தின் பெயரைத் தெரிந்துகொள்ளுங்கள்

முதலில் இரண்டைப் பிரித்தறிய வேண்டும். ரீபொண்டிங் என்பது முடியின் வலுவான கந்தகப் பிணைப்புகளை உடைத்து நிரந்தரமாக நேராக்குவது. வளரும் முடி மட்டுமே பழைய வடிவில் வரும். கெரட்டின் அப்படியல்ல. அது முடியின்மேல் புரதப் பூச்சு ஒன்றைச் சூட்டால் பிணைத்து, வளைவைத் தளர்த்தி, இரண்டு முதல் நான்கு மாதங்களில் தோயத் தோயக் கரைந்து போவது. சில இடங்களில் ஒன்றைச் சொல்லி மற்றதைச் செய்கிறார்கள். “மருந்து போட்டுக் கழுவிய பின் இன்னொரு மருந்து போடுவீர்களா?” என்று கேளுங்கள். ஆம் என்றால் அது பெரும்பாலும் ரீபொண்டிங்.

அந்தப் பூச்சை முடியோடு பிணைப்பது கெரட்டின் அல்ல, அதனோடு சேர்க்கப்படும் வேறொரு பொருள். பழைய வகைகளில் அது போர்மல்டிஹைட். 2004 இல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தியது. அட்டையில் அது இல்லை என்று எழுதியிருந்தும் மெத்திலீன் கிளைக்கோல், போர்மலின், மெத்தனல் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால், சூடு பட்டதும் அதே வாயு வெளிவரும். புதிய வகைகளில் கிளையொக்சிலிக் அமிலம் சேர்க்கிறார்கள். இதுவும் முற்றிலும் பாதுகாப்பானதன்று. 2024 இல் பிரான்ஸ் மருத்துவர்கள், இந்த அமிலம் கலந்த நேராக்கலை மூன்று முறை செய்துகொண்ட ஓர் இளம்பெண்ணுக்கு ஒவ்வொரு முறையும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைப் பதிவு செய்தார்கள். ஆகவே சிறுநீரக நோய் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார், ஆஸ்துமா உள்ளவர்கள், தலைத்தோலில் புண்ணோ சிரங்கோ உள்ளவர்கள் இதைச் செய்துகொள்ள வேண்டாம். சாயம் பூசியிருப்பவர்கள், இந்த அமிலம் சாயத்தின் நிறத்தை வெளிறச் செய்யும் என்பதையும் அறிந்திருக்க வேண்டும்.

முற்பணம் கொடுக்குமுன் போத்தலைக் காட்டச் சொல்லி, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். வேறு போத்தலிலிருந்து பெயரில்லாத பாத்திரத்தில் ஊற்றி வைத்த மருந்தென்றால் எழுந்து வந்துவிடுங்கள். காதின் பின்புறத் தோலில் சிறிதளவு பூசி 48 மணித்தியாலம் பார்க்கும் சோதனையைச் செய்யச் சொல்லுங்கள். மறுத்தால் அதுவும் ஒரு விடை. பணம் செலுத்தியதும் செய்த சிகிச்சையின் பெயர், மருந்தின் பெயர், திகதி, தொகை ஆகியன எழுதிய பற்றுச்சீட்டு வேண்டும். பிழை நேர்ந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற இலக்கத்துக்கு முறையிட அதுவே ஆதாரம். என்னிடம் முதல்முறை ஒரு துண்டுக் காகிதம்கூட இருக்கவில்லை.

6. முழுத்தலையா, முன்பகுதி மட்டுமா

நீங்கள் நாளும் பின்னிக்கொண்டோ கொண்டை கட்டியோ போகிறவர் என்றால், கண்ணில் படுவது நெற்றியோரமும் காதோரமும் மட்டுமே. அப்படிப்பட்டவர் முழுத்தலைக்கும் செய்யத் தேவையில்லை. பல நிலையங்கள் கேட்டால் முன்பகுதியை மட்டும் செய்து தருகின்றன. ஆனால் தாமாக அதைச் சொல்வதில்லை. எனக்கு இரண்டாவது முறை அதற்கு 6,500 ரூபாவும் ஒன்றேகால் மணித்தியாலமும் ஆயின. முழுத்தலைக்கு மூன்றரை மணித்தியாலம் ஆகியிருந்தது. இடுப்புவரை நீண்ட முடிக்குச் செலவும் நேரமும் இன்னும் கூடும். அவ்வளவு நேரத்தில் மின்சாரம் தடைப்பட்டால் மருந்து பாதியில் நின்றுவிடும் என்பதால், அங்கே மின்பிறப்பாக்கி உண்டா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். ஒரு காதின் மேலிருந்து மறு காதின் மேல்வரை, நெற்றி விளிம்பிலிருந்து இரண்டு விரலகலம் உள்ளே செல்லும் ஒரு பட்டை என்று கண்ணாடியில் விரலால் காட்டுங்கள். அதற்கும் பின்னால் ஒரு விரலகலத்துக்கு மருந்தைக் குறைவாகப் பூசி, ஸ்ட்ரெயிட்னரை ஓரிரு முறை மட்டும் இழுக்கச் சொல்லுங்கள். இல்லாவிடில் படிந்த முன்முடிக்கும் சுருண்ட பின்முடிக்கும் இடையில் ஒரு கோடு தெரியும். மிக நெருக்கமான சுருள்முடி உள்ளவர்களுக்கு இந்தக் கோட்டை மறைக்க முடியாது. அவர்கள் முழுத்தலை, அல்லது சீரம் மட்டும் என்ற இரண்டில் ஒன்றையே தேர வேண்டும்.

7. நாளைக் குறியுங்கள்

செய்த பின் மூன்று நாட்கள், அதாவது 72 மணித்தியாலம், முடி நனையவும் மடியவும் கூடாது. அன்றே அலசும் வகைகளும் உண்டு. உங்களுடையது எது என்று கேட்டு அறியுங்கள். அந்த மூன்று நாளில் காதின் பின்னால் முடியைச் செருகுவது, கிளிப் போடுவது, பூ வைப்பது, இறுக்கிக் கட்டுவது ஆகிய எல்லாம் தடம் பதிக்கும். எல்லாவற்றிலும் பெரிய தடம் தலைக்கவசத்தினுடையது. நெற்றிப்பட்டி அழுத்தும் இடத்தில் வியர்வையும் சேர்வதால், ஸ்கூட்டியில் வேலைக்குப் போகிறவர் விடுமுறையோடு சேர்த்தே நாளைத் தெரிவு செய்ய வேண்டும். வியாழன் பின்னேரம் செய்து ஞாயிறு பின்னேரம் தோய்வது எனக்கு ஒத்து வந்தது. வீடு திரும்ப முச்சக்கரவண்டியை ஒழுங்கு செய்யுங்கள்.

திருமணம் போன்ற நிகழ்வுக்கு மூன்று கிழமைகளுக்கு முன் செய்யுங்கள். முதற்சில நாட்கள் முன்முடி தலையோடு ஒட்டித் தட்டையாகக் கிடக்கும். மூன்று நான்கு முறை தோய்ந்த பின்னரே அது இயல்பான அசைவுக்கு வரும். பிழை தெரிந்தால் திருத்தவும் அந்த இடைவெளி வேண்டும். மாரி முழுவதற்கும் வேண்டுமென்றால் புரட்டாசியின் கடைசியில், மழை பிடிக்குமுன் செய்வது தை வரை தாங்கும். கடலில் தீர்த்தமாடும் எண்ணம் இருந்தால் அதற்குப் பின் செய்யுங்கள், ஏனெனில் கடல்நீர் இந்தப் பூச்சை விரைவில் கழற்றிவிடும்.

8. இருக்கையில் அமர்ந்த பின் கவனிக்க வேண்டியவை

யன்னல் திறந்திருக்க வேண்டும், அல்லது காற்றை வெளியே தள்ளும் விசிறி ஓட வேண்டும். குளிரூட்டி மட்டும் ஓடும் மூடிய அறை சரிவராது. மருந்து தலைத்தோலிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் தள்ளியே தொடங்க வேண்டும். நெற்றித் தோலில் பட்டால் உடனே துடைக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது சூடு. தடித்த பின்முடிக்கு 220 அல்லது 230 பாகை செல்சியஸில் ஏழு எட்டு முறை இழுப்பது வழமை. என் முன்முடி முறிந்தது, அதையே முன்னுக்கும் செய்ததால்தான். நெற்றியோரத்து முடிக்கு 180 முதல் 190 பாகைக்குள், மெல்லிய கற்றையாக எடுத்து, மூன்று நான்கு முறை போதும். பின்முடியை முடித்துவிட்டுச் சூட்டைக் குறைத்து, கருவி உண்மையாகவே ஆறிய பின் முன்னுக்கு வரச் சொல்லுங்கள். இரண்டாவது முறை வேலை தொடங்குமுன்பே, “அக்கா, முன்னுக்கு மயிர் மெல்லிசு, சூட்டை நூற்றெண்பதுக்குக் குறைச்சுச் செய்யுங்கோ” என்று சொன்னேன். அவர் தயங்காமல் திரையில் இலக்கத்தைக் காட்டிவிட்டே தொடங்கினார். நன்றாகத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டுக் கோபிப்பதில்லை.

ஸ்ட்ரெயிட்னர் பட்டதும் “சீ” என்று சத்தம் வந்தால் முடிக்குள் இன்னும் ஈரம் இருக்கிறது. அந்த நீர் உள்ளேயே கொதித்து முடித்தண்டில் குமிழிகளை உண்டாக்கும். சில கிழமைகளில் அந்த இடங்களில்தான் முறியும். நிறுத்தி முழுதாக உலர்த்தச் சொல்லுங்கள். கண் எரிந்து, தொண்டை கரகரத்து, நீர் வடிந்தால் எழுந்து வெளியே போய்விடுங்கள். முகமூடித் துணி அந்த வாயுவைத் தடுக்காது. கண் எரிவது வழமைதான், பொறுத்துக்கொள்ளுங்கள் என்ற பதிலை ஏற்காதீர்கள்.

தற்செயலாக மூன்று நாளுக்குள் முன்முடி நனைந்துவிட்டால், உடனே உலர்த்தியால் நேராக உலர்த்தி, 180 பாகையில் ஒரே ஒரு முறை இழுத்துவிட்டால் பெரும்பாலும் மடிப்பு நிற்காது. எனக்கு அன்று இது தெரிந்திருந்தால் தங்கையின் திருமணப் படங்களில் என் நெற்றி வேறுவிதமாக இருந்திருக்கும்.

9. தோய்தலும் எண்ணெயும்

முதல் முறை தோயும்போதிலிருந்தே சல்பேற்று இல்லாத ஷாம்பு வேண்டும். அட்டையில் சோடியம் லோரில் சல்பேற்று, சோடியம் லோரெத் சல்பேற்று என்ற இரு பெயர்களும் இருக்கக் கூடாது. படிவு நீக்கும் ஷாம்புவையும் இக்காலத்தில் மாதம் ஒருமுறைக்கு மேல் பயன்படுத்தாதீர்கள், அதுவும் பூச்சைச் சிறிது எடுக்கும். சீயாக்காய்த் தூளின் கரகரப்பு பூச்சை உரசி நீக்குவதால், அது கரையும் வரை முன்முடியில் தேய்க்க வேண்டாம். நாளும் முகம் கழுவும்போது நெற்றியோரத்தை ஒரு துணிப் பட்டியால் மூடிக்கொண்டால், முன்முடியின் பூச்சு பின்முடியின் அளவுக்குத் தாங்கும். முகங்கழுவும் சவர்க்காரம் நாளுக்கு இருமுறை படும் இடம் அதுதான்.

எண்ணெய் முழுக்கை விட வேண்டியதில்லை. தேங்காயெண்ணெய் முடிக்குள் ஊடுருவி, தோயும்போது புரதம் கழன்று போவதைக் குறைக்கும். தோய்வதற்கு ஒரு மணித்தியாலத்துக்கு முன் நுனிகளிலிருந்து மேலே பூசுங்கள். ஆனால் எண்ணெயைப் போக்க இருமுறை ஷாம்பு போட வேண்டி வருமளவுக்குப் பூசினால், அந்த இரண்டாவது ஷாம்பு கெரட்டினையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு போகும். முன்முடிக்கு விரல் நுனியில் தொட்ட அளவு போதும்.

மூன்றாவது மாதத்தில் வேரோரத்தில் பழைய வளைவு தெரியத் தொடங்கும்போது மீண்டும் செய்யச் சொல்லி அழைப்பு வரும். அப்போது முதற்படியில் சொன்னது போல் நுனிகளைத் துணிக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மொட்டையான நுனிகள் புதிதாகக் கூடியிருந்தால் அந்த ஆண்டுக்கு நிறுத்திவிட்டுச் சீரத்தோடு இருங்கள். கூடவில்லை என்றாலும், வளர்ந்த அந்த ஓரிரு அங்குலத்துக்கு மட்டும் மருந்து பூசச் சொல்லுங்கள். ஏற்கெனவே செய்த நீளத்தின்மேல் இரண்டாம் முறை அதே சூட்டை இழுக்க விடாதீர்கள்.